இயர்பட்ஸ் கேஸைத் திறந்தும் பாப்-அப் வராதது ஏன்?

புதிய இயர்பட்ஸின் கேஸைப் போனுக்கு அருகில் வைத்துத் திறந்தால், திரையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சிறு பெட்டி எழும்பி வருகிறது. அதில் அந்த இயர்பட்ஸின் படமும் பெயரும் இருக்கும். கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் சில நொடிகளில் பாட்டுக் கேட்கலாம். ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதிக்கு ஃபாஸ்ட் பேர் என்று பெயர். கூகுள் இதை 2017-ன் இறுதியில் அறிமுகப்படுத்தியது. போனின் இயங்குதளத்துக்குள் பதிக்காமல் கூகுள் பிளே சர்வீசஸ் வழியாகக் கொடுத்ததால், ஆண்ட்ராய்டு 6 முதலான பழைய போன்களுக்கும் இது போய்ச் சேர்ந்தது.

சில நேரம் அந்தப் பெட்டி வராது. நேற்று வந்தது இன்று வராது. பக்கத்தில் இருப்பவர் போனில் வரும், சொந்தப் போனில் வராது. இயர்பட்ஸ் கெட்டுவிட்டது என்று பலர் கடைக்கே எடுத்துப் போகிறார்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டிருப்பதில்லை. அந்தப் பெட்டி திரைக்கு வருமுன் வரிசையாகப் பல நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவற்றில் ஒன்று தவறினாலும் போன் வாயைத் திறப்பதில்லை, எது தவறியது என்றும் சொல்வதில்லை. அந்த வரிசை தெரிந்திருந்தால், எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

பழைய முறையில் தேடும் வேலை முழுவதும் போனுடையது. புளூடூத் அமைப்புக்குள் சென்று புதிய சாதனம் என்பதைத் தொட்டால், போன் சுற்றிலும் அழைப்பு விடுத்துப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு சுற்றுத் தேடலுக்கே ஏறக்குறைய 12 நொடி ஆகும். அதன் பிறகு பெயர்கள் அடங்கிய பட்டியல் வரும். அதில் தன்னுடையது எது என்று பயனர்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபாஸ்ட் பேர் இதைத் தலைகீழாக்கியது. இங்கே இயர்பட்ஸ்தான் தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. போன் செவிமடுக்க மட்டும் செய்கிறது. அறிவிப்பு போவது புளூடூத் லோ எனர்ஜி என்ற மின்சிக்கன வானொலி முறையில். அந்த முறைக்கு 40 அலைவரிசைத் தடங்கள் உண்டு. அவற்றில் 37, 38, 39 என்ற மூன்று மட்டும் இத்தகைய அறிவிப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. வீடுகளில் அதிகம் புழங்கும் வைஃபை தடங்களோடு மோதாதபடி அவை ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருக்கின்றன. இயர்பட்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே செய்தியை இந்த மூன்றிலும் அடுத்தடுத்து அனுப்பும். செய்தி மிகச் சிறியது, 31 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் ஃபாஸ்ட் பேருக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, இது ஃபாஸ்ட் பேர் செய்தி என்று காட்டும் `0xFE2C` என்ற குறியீடு. மற்றொன்று, அதைத் தொடர்ந்து வரும் 3 பைட் மாடல் எண். ஒரு நிறுவனம் தன் இயர்பட்ஸ் வகையைக் கூகுளிடம் பதிவு செய்யும்போது அந்த எண் கிடைக்கிறது. ஒரே வகையைச் சேர்ந்த எல்லா இயர்பட்ஸுக்கும் அது பொதுவானது.

பதிவு செய்யப்படாத இயர்பட்ஸுக்கு அந்த எண் கிடையாது. விலை குறைந்த பல இயர்பட்ஸ்கள் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் பாப்-அப் காட்டாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அவற்றைப் பழைய முறையில்தான் இணைக்க வேண்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கூகுள் ஃபாஸ்ட் பேர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதேபோல, பிளே சர்வீசஸ் இல்லாமல் வரும் போன்களில் இந்தச் செய்தியைக் கேட்கவே ஆள் இல்லை.

அடுத்தது போன் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பது. புளூடூத் வானொலி எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது. ஆகவே ஆண்ட்ராய்டில் மின்சிக்கனத் தேடல் முறை என்று ஒன்று உண்டு. அதில் வானொலி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே கேட்கும். 5 நொடிக்கு ஒரு முறை அரை நொடி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக்குத் தயாராக இருக்கும் இயர்பட்ஸ், 100 மில்லிநொடிக்கு ஒரு முறையாவது அறிவிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. போன் கேட்கும் அந்த அரை நொடிக்குள் ஐந்து அறிவிப்புகள் வந்துவிடும். அவற்றில் இரண்டு மூன்று வைஃபை நெரிசலில் சிதைந்தாலும் ஒன்றாவது முழுதாக வந்து சேரும். நொடிக்கு ஒரு முறை மட்டும் அறிவிக்கும் சாதனமாக இருந்தால், அந்த அரை நொடியில் ஒன்றுகூட அகப்படாமல் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஃபாஸ்ட் பேரின் வேகம் இந்த அடர்த்தியான அறிவிப்பிலிருந்தே வருகிறது. போனின் வானொலியை வேகப்படுத்தியதால் வந்ததல்ல.

ஆனால் அதே கணக்கு ஒரு பொதுவான ஏமாற்றத்தையும் விளக்குகிறது. ஒருவர் கேஸைத் திறந்து 3 நொடி பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். போன் 5 நொடிக்கு ஒரு முறைதான் காது கொடுக்கிறது என்றால், அந்த 3 நொடியும் முழுக்க முழுக்க இடைவெளியில் விழுந்துவிட பத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்ப்பதைவிட, ஒரே முறை திறந்து பத்துப் பன்னிரண்டு நொடி அசையாமல் வைப்பது நல்ல பலன் தரும்.

செய்தி காதில் விழுந்துவிட்டது என்று கொள்வோம். போனிடம் இப்போது இருப்பது 3 பைட் எண் மட்டுமே. பெயரும் படமும் அந்த எண்ணைக் கூகுளின் சர்வருக்கு அனுப்பி வாங்க வேண்டியவை. அந்தப் பதிலோடு இன்னொன்றும் வருகிறது: அந்த மாடலுக்குரிய பொதுச் சாவி. அதன் பயன் பின்னால் தெரியும். ஆகவே ஒரு மாடலை முதன்முறையாகச் சந்திக்கும் போனுக்கு இணையத் தொடர்பு தேவை. டேட்டா தீர்ந்த போனிலோ, உள்நுழைவுப் பக்கம் கடக்காத விடுதி வைஃபையிலோ, எண் கேட்டும் பயனில்லை. காட்ட ஒரு பெயர்கூட இல்லாதபோது போன் எதையும் காட்டாமல் விட்டுவிடுகிறது.

இனி தூரம். பேருந்தில் ஒருவர் கேஸைத் திறக்கும்போது சுற்றியுள்ள இருபது பேர் போனிலும் பெட்டி எழும்பினால் அது தொல்லை. எனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சாதனத்துக்கு மட்டுமே போன் பாப்-அப் காட்டும். தூரத்தை அளக்க அதனிடம் அளவுகோல் எதுவும் இல்லை. வந்து சேரும் சிக்னலின் வலிமையை வைத்து ஊகிக்கிறது. இயர்பட்ஸ் எவ்வளவு வலிமையோடு அனுப்புகிறது என்பது செய்தியிலோ பதிவிலோ இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அது 41 டெசிபெல் குறைந்திருக்கும் என்பது ஆண்ட்ராய்டின் கணக்கு. பிறகு இந்தச் சூத்திரம்:

```
distance = 10^((RSSI_1m - RSSI) / 20)
```

அனுப்பும் வலிமை −10 என்றால் ஒரு மீட்டரில் −51 வர வேண்டும். எண் சுழியத்துக்கு அருகில் இருந்தால் சிக்னல் வலுவானது. கேஸ் அரை மீட்டரில் இருந்தால் சூத்திரப்படி −45 வரும். போன் அதை 0.5 மீட்டர் என்று சரியாகக் கணிக்கும். இப்போது அதே இடத்தில் கேஸை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தால் என்ன ஆகும்? உடம்பில் இருக்கும் நீர் இந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சிவிடும். அதனால் 12 டெசிபெல் குறைந்தால் போனுக்கு −57 கிடைக்கும். சூத்திரத்தில் போட்டால் 2 மீட்டர் என்று விடை வரும். போனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஸ் அறையின் மறுபக்கத்தில் இருப்பதாகத் தெரிகிறது. பெட்டி வராது. உலோக மேசை, தடித்த போன் உறை, பைக்குள் கிடக்கும் கேஸ் எல்லாம் இப்படித்தான் தூரத்தைப் பொய்யாகக் கூட்டுகின்றன. ஒவ்வொரு 6 டெசிபெல் இழப்புக்கும் தூரம் இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் சிறிய மறைப்புகூடப் பெரிய மாற்றம் செய்யும். கேஸை மேசையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, போனை ஒரு சாண் தள்ளி வைப்பது உண்மையிலேயே வேலை செய்யும் வழி.

பெட்டி வந்து பயனர் பொத்தானைத் தொட்டதும் நடப்பது கண்ணுக்குத் தெரியாதது. போன் தனக்கென ஒரு சாவி ஜோடியை அந்த நேரத்தில் உருவாக்கி, சர்வரிலிருந்து வந்த பொதுச் சாவியோடு சேர்த்து ஒரு ரகசியத்தைக் கணக்கிடுகிறது. அந்தப் பொதுச் சாவிக்கு இணையான தனிச் சாவி அசல் இயர்பட்ஸுக்குள் மட்டுமே இருக்கும். அது இருந்தால்தான் போன் அனுப்பும் மறைகுறியீட்டுச் செய்தியைப் பிரிக்க முடியும். மாடல் எண்ணை மட்டும் நகலெடுத்து அறிவிக்கும் போலிக் கருவி, பாப்-அப் வரை வந்தாலும் இங்கே நின்றுவிடும். செய்தியைப் பிரித்த இயர்பட்ஸ், பாட்டு அனுப்புவதற்குரிய வழக்கமான புளூடூத் முகவரியைத் திருப்பித் தருகிறது. பழைய முறையில் இரு பக்கமும் ஆறு இலக்க எண்ணை மனிதர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேலையை, இரு கருவிகளும் அந்த ரகசியத்தின் மறைவில் தாமே முடித்துக்கொள்கின்றன. கடைசியாகப் போன் 16 பைட் நீளமுள்ள ஒரு கணக்குச் சாவியை இயர்பட்ஸில் எழுதிவைக்கிறது. அதையே பயனரின் கூகுள் கணக்கிலும் சேமிக்கிறது.

அந்தக் கணக்குச் சாவி எழுதப்பட்ட பிறகு இயர்பட்ஸின் நடத்தை மாறிவிடுகிறது. பாப்-அப் வராததற்கான காரணங்களில் அதிகம் கவனிக்கப்படாதது இங்கேதான் இருக்கிறது.

முதன்முறை கேஸைத் திறக்கும்போது பல இயர்பட்ஸ்கள் தாமாகவே பேரிங் நிலைக்குச் சென்று மாடல் எண்ணை அறிவிக்கும். ஒரு போனோடு இணைந்த பின், கேஸைத் திறந்தால் அவை பழைய போனையே தேடிப் போகும். பேரிங் நிலைக்குப் போகா. மாடல் எண்ணும் வெளியே வராது. அதற்குப் பதிலாக வேறொரு வகைச் செய்தியை, 250 மில்லிநொடிக்கு ஒரு முறையாவது அனுப்பும். அதில் இருப்பது, சேமித்த கணக்குச் சாவிகளைக் கலக்கிச் சுருக்கிய ஒரு சிறு வடிகட்டி. ஒரு சாவி மட்டும் இருந்தால் அது 4 பைட் நீளம்தான். ஒவ்வொரு சாவியையும் ஒரு தற்செயல் எண்ணோடு சேர்த்து அரைத்து, வரும் விடைக்கேற்ப அந்த 32 பிட்களில் அதிகபட்சம் 8 பிட்களை ஒன்று என்று குறிக்கிறார்கள். கேட்கும் போன், தன் கணக்கில் உள்ள சாவிகளை அதே முறையில் அரைத்துப் பார்க்கும். எல்லா இடங்களும் பொருந்தினால் இது நம்முடைய இயர்பட்ஸ் என்று தெரிந்துகொள்ளும். அந்நியர் போனுக்கு அது பொருளற்ற எண்களின் குவியல். தற்செயல் எண் மாறிக்கொண்டே இருப்பதால், ஒருவர் எங்கெங்கே போகிறார் என்று அதைக்கொண்டு பின்தொடரவும் முடியாது.

இதனால்தான் ஒரே கூகுள் கணக்கில் இருக்கும் இரண்டாவது போனிலோ டேப்லெட்டிலோ, பேரிங் பொத்தானை அழுத்தாமலே, முன்பு சேமித்த இயர்பட்ஸ் அருகில் இருப்பதாக அறிவிப்பு வருகிறது. தம்பியின் போனில் வராததும் இதனால்தான். அவர் கணக்கில் அந்தச் சாவி இல்லை. அவருக்கு மாடல் எண் வேண்டும். அது பேரிங் நிலையில் மட்டுமே வெளிவரும். கேஸில் உள்ள பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிப்பது, அல்லது அந்த மாடலின் கையேடு சொல்லும் வேறு வழி, அந்த நிலையைத் திறந்துவிடும். இயர்பட்ஸில் ஐந்து கணக்குச் சாவிகளுக்காவது இடம் இருக்க வேண்டும் என்பது விதி. இடம் நிறைந்தால் நெடுநாள் பயன்படாத சாவி வெளியேறும். முழு ரீசெட் செய்தால் எல்லாச் சாவிகளும் அழியும். அப்போது போன் தன் பட்டியலில் அந்த இயர்பட்ஸை வைத்திருந்தாலும், இயர்பட்ஸுக்குப் போனைத் தெரியாது. போனிலும் அதை மறக்கச் செய்த பிறகு புதிதாக இணைப்பதே தீர்வு.

கணக்குச் சாவிச் செய்தியில் ஒரு சிறு குறியும் உண்டு. திரையில் காட்டலாம், காட்ட வேண்டாம் என்று இயர்பட்ஸே அதன்மூலம் சொல்ல முடியும். காட்ட வேண்டாம் என்று குறித்திருந்தால், போன் அதைச் சரியாகக் கேட்டு, தன் இயர்பட்ஸ் என்று அடையாளம் கண்ட பின்னும் பேசாமல் இருக்கும். அந்த மௌனம் பிழையல்ல. இயர்பட்ஸ் கேட்டுக்கொண்டபடி நடந்தது.

போன் தன் பக்கத்திலும் சில மறுப்புகளை நினைவில் வைத்திருக்கிறது. பாப்-அப்பைப் பயனர் மூடிவிட்டால், அந்த மாடலை ஒரு தடைப்பட்டியலில் சேர்க்கும். முதன்முறை மூடினால் தடை குறுகியது. மறுபடியும் மூடினால் நீளும். பக்கத்து மேசைக்காரரின் இயர்பட்ஸ் என்று நினைத்து மூடியவர், பிறகு அதே மாடலை வாங்கி வந்தால் குழம்புவார். தடை மாடலின் மீது இருப்பதால் அவருடைய புதிய பெட்டியும் அமைதியாக இருக்கும். சிறிது காலம் கழித்து முயன்றால் தானாகவே வரும். அதோடு, போன்களின் கூகுள் அமைப்புகளில், அருகிலுள்ள சாதனங்களுக்கான பகுதியில், `Scan for nearby devices` என்ற சுவிட்ச் உண்டு; அது அணைந்திருந்தால் எந்த இயர்பட்ஸும் காட்டப்படாது. ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் புளூடூத் தேடல் இருப்பிட அனுமதியோடு கட்டப்பட்டது. ஆகவே அங்கே லொகேஷனையும் இயக்க வேண்டும். திரை விழித்து, பூட்டுத் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

ஐபோனில் ஏர்பாட்ஸுக்கு வரும் பாப்-அப் இதே கொள்கையில் இயங்கினாலும் செய்தி ஆப்பிளின் சொந்த வடிவில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் அதைப் பொருட்படுத்தாது. விண்டோஸில் 2018 முதல் ஸ்விஃப்ட் பேர் என்று மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. 2023-ல் கைக்கடக்கமான ரேடியோ கருவிகளைக் கொண்டு போலி அறிவிப்புகளைப் பொழிந்து ஐபோன்களைத் திணறடிக்கும் குறும்பு பரவியது. அந்த டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 17.2-ல் ஆப்பிள் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. யார் வேண்டுமானாலும் அறிவிக்கலாம் என்ற வானொலி முறையில், சந்தேகம் வந்தால் காட்டாமல் விடுவதே போன் தயாரிப்பாளர்களின் போக்கு. அது சரியான போக்கும்கூட. வேண்டாத பெட்டி பத்து முறை வருவதைவிட, வேண்டிய பெட்டி ஒரு முறை வராமல் போவது தாங்கக்கூடியது.

சிக்கல் எங்கே என்பதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. `nRF Connect` என்ற இலவசச் செயலி, சுற்றிலும் வரும் புளூடூத் அறிவிப்புகளைப் பிரித்துக் காட்டும். ஒரு எடுத்துக்காட்டு: மடிக்கணினியோடு ஏற்கெனவே இணைத்துப் பயன்படுத்திய இயர்பட்ஸ், இப்போது வேறு கணக்குள்ள புதிய போனில் பாப்-அப் வரவில்லை. செயலியைத் திறந்து தேட விட்டு, கேஸை மேசையில் திறந்து வைக்க வேண்டும். பட்டியலில் `0xFE2C` என்ற குறியீட்டோடு எந்த வரியும் வரவில்லை என்றால், முதலில் மடிக்கணினியின் புளூடூத்தை அணைக்க வேண்டும். இயர்பட்ஸ் திறந்தவுடன் அதனோடு போய்ச் சேர்ந்து, அறிவிப்பை நிறுத்தியிருக்கலாம். அணைத்த பின் `0xFE2C` வந்து, அதன் தரவு மூன்று பைட்டைவிட நீளமாக இருந்தால், அது கணக்குச் சாவி வகை. இயர்பட்ஸ் பேசுகிறது, ஆனால் பழைய உரிமையாளரின் கணக்கோடு. பொத்தானை அழுத்திப் பேரிங் நிலைக்குக் கொண்டுபோனதும் தரவு சரியாக மூன்று பைட்டாகச் சுருங்குவதைச் செயலியில் பார்க்கலாம். பக்கத்தில் தெரியும் சிக்னல் வலிமை −40-களில் இருந்தால் தூரமும் பிரச்சினையில்லை. இனியும் பெட்டி வரவில்லை என்றால் இயர்பட்ஸின் மீது குறை இல்லை. இணையம், கூகுள் சுவிட்ச், லொகேஷன், தடைப்பட்டியல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போனில் தடுக்கிறது.

அத்தனையும் சரிபார்க்கப் பொறுமை இல்லாதவர், பேரிங் நிலையிலேயே புளூடூத் அமைப்பின் பட்டியலிலிருந்து இயர்பட்ஸைத் தேர்ந்தெடுத்து இணைத்துவிடலாம். ஒலியின் தரத்தில் எந்த வேறுபாடும் இராது. அப்படிக் கையால் இணைத்த பிறகும், அந்த இயர்பட்ஸ் ஃபாஸ்ட் பேர் வகையைச் சேர்ந்தது என்று போன் கண்டுகொண்டால், அதைக் கூகுள் கணக்கில் சேமிக்கலாமா என்று கேட்கும். சம்மதித்தால் கணக்குச் சாவி அப்போது எழுதப்படும். அதே கணக்கில் உள்ள மற்ற போன்கள் அடுத்த முறை அதைத் தாமாகவே அடையாளம் காணும்.